ரெண்டு மணி மீட்டிங்

"மேற்கொண்டு பிரிக்காதீங்க! அப்படியே வைங்க, நான் வந்துட்டேன்!"

போனில் கத்திக்கொண்டே படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள் இன்சார்ஜ் சிஸ்டர். ஆபரேஷன் தியேட்டர் மூன்றாவது மாடியில். லிஃப்ட்டுக்காக நிற்கிற பொறுமை அவளுக்கு இல்லை. இடுப்பு எலும்பு முறிந்த ஒரு மனிதர் மேலே மேஜையில் படுத்திருக்கிறார். மயக்க ஊசி இன்னும் போடவில்லை. அவருக்காகப் பிரித்த கருவி மூட்டையின் உள்ளே ஈரம்.

கக்கத்தில் மாற்று மூட்டையோடு அவள் போய்ச் சேர்ந்தபோது, தியேட்டர் சிஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"தொட்டுப் பாருடி. துவைச்சு அரைகுறையா காய வைச்ச மாதிரி இருக்கு."

தொட்டாள். மேல் துணி காய்ந்திருந்தது. உள் துணி சில்லென்றிருந்தது. ஒட்டியிருந்த டேப்பில் கறுப்புக் கோடுகள் பளிச்சென்று விழுந்திருந்தன. அதாவது நீராவி சரியாகத்தான் பாய்ந்திருக்கிறது. ஆனால் ஈரம் பட்ட மூட்டை எந்தக் கிருமியையும் உள்ளே இழுக்கும். அதை வைத்து யாருடைய உடம்பையும் திறக்க முடியாது.

"இந்த மாசத்துல இது மூணாவது" என்றாள் தியேட்டர் சிஸ்டர். "மூணும் சாயங்காலம் வந்ததுதான். உன் ஆளுங்கள்ல யாரோ விளையாடறாங்க."

"விளையாட என்ன இருக்கு இதுல?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீதானே இன்சார்ஜ்."

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது, கருவிகளைக் கிருமி நீக்கித் தரும் அவளுடைய ஸ்டெரில் டிபார்ட்மென்ட். ஒவ்வொரு கத்தரியும் மூன்று ஷிஃப்ட்டின் கை மாறித்தான் தியேட்டருக்குப் போகும். ராத்திரி ஷிஃப்ட் கழுவி, எண்ணி, துணியில் மூட்டை கட்டும். காலை ஷிஃப்ட் அதை ஆட்டோகிளேவ் என்கிற நீராவி மெஷினில் வைத்து வேக வைக்கும், உலர்த்தும். மதியம் இரண்டு மணிக்கு வருகிற ஈவினிங் ஷிஃப்ட் அலமாரியில் அடுக்கி, கேட்கிறவர்களுக்கு ஜன்னல் வழியாகக் கொடுக்கும். தப்பு எந்தக் கையில் நடந்தது என்று கேட்டால் மூன்று கையும் அடுத்த கையைக் காட்டும்.

ஆனால் லேபிளில் இருப்பது ஒரே கையெழுத்து. மூட்டை கட்டியவளுடையது. மூன்று ஈர மூட்டையிலும் அது சிட்டுவின் கையெழுத்து.

நோய்த்தடுப்புப் பிரிவின் தலைவரை எல்லாரும் கிருமி டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் காதில் விழாமல். அவர் மேஜை மேல் அந்த ஈரத் துணி சாட்சி மாதிரி கிடந்தது.

"சனிக்கிழமையோட இந்தச் சிட்டுவுக்குத் தகுதிகாண் காலம் முடியுது. வேலையை நிரந்தரமாக்க என்னால கையெழுத்துப் போட முடியாது."

"டாக்டர், எலும்பு ஆபரேஷன் கருவி செட்டு கனம். இறுக்கிக் கட்டினாலும் ஈரம் நிக்கும், சரியா உலர்த்தலைன்னாலும் நிக்கும், சூடு ஆறறதுக்குள்ள ஜில்லுனு இருக்கிற மேஜையில வைச்சாலும் நிக்கும். அவதான்னு எப்படிச் சொல்றது?"

"நான் கேக்காமலா இருந்தேன்? நைட்டைக் கேட்டா மார்னிங்ங்கறான். மார்னிங்கைக் கேட்டா ஈவினிங்ங்கறான். ஈவினிங்கைக் கேட்டா நைட்டுங்கறா. இல்லாத ஆள் மேல பழியைப் போடறது ரொம்பச் சுலபம் சிஸ்டர். மூணு ஷிஃப்டும் ஒரே நேரத்துல, ஒரே ரூம்ல, மூஞ்சிக்கு மூஞ்சி உக்காரணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் அது மீட்டிங் இல்லை, வம்பு."

"போன்ல சேர்த்துக்கலாமே..."

"போன மாசம் போன்லதானே போட்டோம்? அரை மணி நேரம் யாரோ குறட்டை விட்டதைக் கேட்டோம். வெள்ளிக்கிழமைக்குள்ள நேர்ல உக்கார வைங்க. இல்லைன்னா சனிக்கிழமை அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகட்டும்."

சிட்டு. சிறிய உருவம், பெரிய கண்கள், படபடவென்ற பேச்சு. ஒரு மூட்டையை மூன்று முறை சரிபார்க்காமல் ஒட்டமாட்டாள். இந்த வேலையை நம்பித் தங்கையைக் காலேஜில் சேர்த்திருந்தாள். அவளை வெளியே அனுப்பும் தாளைத் தன் கையால் கொடுக்கக் கூடாது என்று இன்சார்ஜ் முடிவு செய்தாள்.

வெள்ளைப் பலகை முன்னால் போய் நின்றாள். காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்து. ஷிஃப்ட் மாறுகிற மூன்று நேரங்கள். எந்த நேரத்தில் வைத்தாலும் இரண்டு ஷிஃப்ட் அங்கேயே இருக்கும். மூன்றாவது ஷிஃப்ட்டின் தூக்கத்தில்தான் கல் விழும். காலை ஆறு என்றால், பத்து மணிக்குக் கிளம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த ஈவினிங் ஆட்கள் இருட்டில் எழுந்து வரவேண்டும். ராத்திரி பத்து என்றால், விடியலுக்கு முன்னால் எழவேண்டிய மார்னிங் ஆட்களுக்குச் சிவராத்திரி. மதியம் இரண்டு என்றால் நைட் ஆட்களுக்கு அதுதான் நடுநிசி.

மிச்சமும் இருக்கிறது. ஓடுகிற ஆட்டோகிளேவை விட்டுவிட்டு வரமுடியாது. ஜன்னலை மூடமுடியாது, அவசர கேஸ் சொல்லிவிட்டா வரும்? யாராவது உதவிக்கு வேண்டும். தூக்கம் கெட்டவர்களுக்கு அன்றைய டியூட்டியில் நேரம் தள்ளிக் கொடுக்கவேண்டும். கல்யாணத்துக்கு நாள் குறிப்பது இதைவிடச் சுலபம்.

மதியம் இரண்டுதான் தோது என்று முடிவு செய்தாள். மதிய லோடை முன்னாலேயே முடித்துவிடலாம். ஜன்னலுக்கு இரண்டு பேரை அனுப்புவதாகத் தியேட்டர் சிஸ்டர் ஒப்புக்கொண்டாள். வம்பு செய்யப்போவது நைட் ஷிஃப்ட்தான் என்று எதிர்பார்த்து, முதலில் அவர்களுக்கே போன் போட்டாள்.

கழுவும் பிரிவில் இருப்பவருக்கு ஆந்தை என்று பெயர், பல வருட ராத்திரி டியூட்டி கொடுத்த பட்டம்.

"உங்களை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி, வாங்க உக்காந்து பேசலாம்னா வருவீங்களா சிஸ்டர்?" என்றார் ஆந்தை.

"அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம் தாமதமா வாங்க. வண்டியும் அனுப்பறேன்."

"அப்படின்னா சரி. ஆனா நான் வாயைத் திறந்தா கொட்டாவிதான் வரும், குத்தம் சொல்லக் கூடாது."

சிட்டு இன்னும் சுலபம். "எப்ப வேணா சொல்லுங்க சிஸ்டர், வர்றேன். எனக்குத் தூக்கம் வந்தாத்தானே கெடறதுக்கு?"

வேலை முடிந்தது என்று நினைத்தாள் இன்சார்ஜ். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

ஆட்டோகிளேவ் முன்னால் நின்றுகொண்டிருந்த மார்னிங் ஆள், கையைத் துடைத்தபடி திரும்பினான். மெஷினைவிட அவனுக்குச் சூடு அதிகம் என்பதால் பாய்லர் என்று பெயர்.

"ரெண்டு மணியா? பாவம் சிஸ்டர், நைட் ஆளுங்க. தூங்கற நேரம். காலையில ஆறு மணிக்கு வைங்க."

"அவங்களே வர்றேன்னுட்டாங்க."

"சொல்லுவாங்க. மனசாட்சின்னு ஒண்ணு நமக்கு இருக்கணும்ல? இல்லைன்னா ரெண்டு தடவையா பிரிச்சு வைங்களேன்."

பாய்லருக்கு மனசாட்சியா? மூன்று வருடத்தில் அவன் இன்னொருவருக்காகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

மதியம் ஈவினிங் ஷிஃப்ட் வந்தது. அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கையெழுத்தில்லாமல் ஒரு பஞ்சைக்கூடக் கொடுக்காதவள் கறார் அக்கா. அவளிடம் சொன்னாள்.

"ரெண்டு மணி வேணாம் சிஸ்டர்" என்றாள் கறார், மூட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "நைட் ஆளுங்க பாவம். ராத்திரி பத்து மணிக்கு வைங்க. இல்லைன்னா ரெண்டா பிரிச்சு வைச்சுடுங்க."

இன்சார்ஜுக்குச் சுருக்கென்றது. தூக்கம் கெடப் போகிறவர்கள் சரி என்கிறார்கள். கெடாதவர்கள் இருவர் மட்டும் அவர்களுக்காக உருகுகிறார்கள். அதுவும் யார் யார்? பாய்லரும் கறாரும்!

அவர்கள் இருவரும் எலியும் பூனையும் என்பது அடித்தளம் முழுக்கத் தெரிந்த கதை. கறார் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நடு ஹாலில் பெரிய சண்டை. "உன் மூஞ்சியில முழிச்சா அன்னைக்கு லோடு உருப்படாது" என்று அவன் கத்த, டிரம் மூடியை எடுத்து அவள் விட்டெறிய, அது சுவரில் பட்டு உருண்டது. அன்றே இன்சார்ஜ் முடிவு செய்துவிட்டாள், இந்த இரண்டு பேரையும் ஜென்மத்துக்கும் ஒரே ஷிஃப்ட்டில் போடக் கூடாது. அவனுக்கு நிரந்தரமாகக் காலை, அவளுக்கு நிரந்தரமாக ஈவினிங். அவள் முன் வாசலில் நுழையும்போது அவன் பின் வாசலில் வெளியேறியிருப்பான்.

அப்படிப்பட்ட இருவர் வாயிலிருந்து ஒரே வார்த்தை, ஒரே இரக்கம் எப்படி வந்தது?

போகட்டும், பாய்லர் கேட்டபடியே வைத்துப் பார்ப்போம் என்று செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மீட்டிங் போட்டாள். பாய்லர் முதல் ஆளாக நாற்காலி போட்டு உட்கார்ந்தான். சிட்டு, கையில் கையுறை அழுத்திய தடத்தோடு வந்தாள். ஆந்தை வந்தார். கிருமி டாக்டர்கூடக் கண் சிவக்க வந்தார். கறார் அக்கா வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு மெசேஜ்: வரமுடியவில்லை, மன்னிக்கவும்.

"ஈவினிங் இல்லாம என்ன பேசறது?" என்று டாக்டர் எழுந்தார். பாய்லர் நாற்காலியை மடக்கிய வேகத்தில் நிம்மதி தெரிந்தது. அதையும் இன்சார்ஜ் பார்த்தாள்.

புதன்கிழமை மதியம் இரண்டு மணி. கறார் அக்கா வந்து உட்கார்ந்திருந்தாள். வண்டி அனுப்பி அழைத்து வந்த நைட் ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். பாய்லரைக் காணோம். இரண்டு மணி வரை அவனுக்கு டியூட்டி. ஆனால் மெஷின் முன்னால் வெறும் முக்காலிதான் இருந்தது.

"வயித்து வலின்னு போயிட்டான்" என்றார் ஒருவர்.

"நேத்து இவங்க, இன்னிக்கு அவரு" என்றாள் சிட்டு. "யார் வந்தா என்ன, யார் வராட்டி என்ன? நான்தான் போகப் போறேன்."

கறார் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் விரல் சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் தியேட்டர் சிஸ்டரிடம் கொட்டித் தீர்த்தாள் இன்சார்ஜ்.

"யோசிச்சுப் பார்த்தேன்டி. அந்தச் சண்டைக்கு அப்புறம் அவங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல நான் ஒரு நிமிஷம்கூடப் பார்த்ததே இல்லை. இவன் இருந்தா அவ இல்லை. அவ இருந்தா இவன் இல்லை."

"ஜென்மப் பகை."

"பகைன்னா நேர்ல வந்து திட்டணும். பழி போட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? ரெண்டு பேரும் சேர்ந்துதான் இந்த மீட்டிங்கைத் தள்ளிவிடறாங்க."

"ஐயையோ! அப்ப கடத்தல்தான். இவன் உள்ளே இருந்து எடுக்கறான், அவ ஜன்னல் வழியா வெளியே தள்றா. எண்ணிப் பார்த்தியா?"

"எண்ணினேன். ஒரு ஊசிகூடக் குறையலை."

"அப்ப இன்னும் பெரிசா ஏதோ இருக்கு" என்றாள் தியேட்டர் சிஸ்டர், கண்களை உருட்டி. அவள் ஆறுதல் சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, துணி அடுக்கும் அறையில் போய் ஒளிந்துகொண்டாள் இன்சார்ஜ். சொந்த டிபார்ட்மென்ட்டில் திருடி மாதிரி. கதவிடுக்கு வழியே ஆட்டோகிளேவ் நேராகத் தெரிந்தது.

பழைய மெஷின் அது. வேக வைக்கிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். உலர்த்துகிற நேரத்துக்கு மட்டும் கையால் திருப்புகிற முள். கனமான எலும்பு செட்டு என்றால் அரை மணியாவது உலரவேண்டும். பிறகு கதவைக் கொஞ்சமாகத் திறந்து விட்டு, சூடு ஆறிய பிறகுதான் கை வைக்கவேண்டும். அதை டிபார்ட்மென்ட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவனே பாய்லர்தான்.

அந்தப் பாய்லர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான். முள்ளில் இன்னும் பாதி நேரம் மிச்சம். ஒரே திருகு. முள் கடைசிக்குப் போய் நின்றது. மணி அடித்தது. அகலத் திறந்த கதவிலிருந்து ஆவி புசுபுசுவென்று வந்தது. சூடு பறக்கும் தட்டுகளைக் கைத்துணியால் இழுத்து வண்டியில் ஏற்றி, ஈவினிங் அலமாரி ஓரம் தள்ளிவிட்டுத் தொப்பியைக் கழற்றி எறிந்தான்.

பின் வாசல் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

இன்சார்ஜுக்கு ரத்தம் கொதித்தது. தப்பு எந்தக் கையில் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஏன்? தெரிந்தவன், சொல்லிக் கொடுத்தவன், ஏன்?

முதலில் அந்த வண்டியின் மேல் 'வெளியே போகக் கூடாது' என்று சிவப்பு அட்டையை மாட்டினாள். ஜன்னலில் இருந்தவளிடம், "இதுல ஒரு மூட்டைகூட நகரக் கூடாது, திரும்பவும் வேக வைக்கணும்" என்று சொல்லிவிட்டு, பின் வாசல் வழியாகப் பாய்ந்தாள்.

அவன் நடக்கவில்லை, ஓடினான். சைக்கிள் கடையைத் தாண்டி, தேய்ப்புக் கடையைத் தாண்டி, ஒரு சந்துக்குள் திரும்பினான். வயிற்று வலிக்காரன் ஓட்டமா இது? சந்தின் கோடியில் நீலக் கதவு போட்ட ஒரு வீடு. வாசலில், கையில் பையோடு, செருப்பை மாட்டியபடி தயாராக நின்றிருந்தாள் ஒருத்தி.

கறார் அக்கா.

இன்சார்ஜ் தேய்ப்புக் கடைத் தள்ளுவண்டிக்குப் பின்னால் சட்டென்று குனிந்தாள். பகைவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஒரு சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு விரலைக் காட்டினாள். அவன் தலையாட்டினான். அவள் ஆஸ்பத்திரியை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவன் உள்ளே நுழைந்து கதவைத் தாழிட்டான்.

சாவி. இரண்டு விரல். தாழ்ப்பாள்.

"யாரைம்மா தேடறீங்க?" என்றார் தேய்ப்புக்காரர், பெட்டியை நிமிர்த்தி வைத்தபடி.

"அந்த வீட்டுல யாரு இருக்காங்க?"

"யாருக்குத் தெரியும்? யார் கூடவும் ஒட்டமாட்டாங்க. ஒருத்தர் வந்தா ஒருத்தர் போறாங்க. ஜன்னலைத் திறந்தே பார்த்ததில்லை."

அன்றைக்கு ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. இன்சார்ஜ் சுவரோரமாகப் போனாள். ஒற்றைக் கண்ணை வைத்து உள்ளே பார்த்தாள்.

நெடுநேரம் பார்த்தாள்.

திரும்பி நடந்தபோது அவள் வேகம் குறைந்திருந்தது. சாயங்காலம் கிருமி டாக்டரின் அறைக்குப் போனாள்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு மீட்டிங், டாக்டர். எல்லாரும் வருவாங்க."

"இதைத்தான் ரெண்டு தடவை கேட்டுட்டேன்."

"இத்தனை நாளும் நேரத்தையே மாத்தி மாத்திப் பார்த்தேன். அதுதான் தப்பு. நாளைக்கு நீங்க பின் வாசல்ல நின்னா போதும்."

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் லோடு எதுவும் வைக்கவில்லை. தியேட்டரிலிருந்து வந்த இரண்டு பேர் ஜன்னலில் நின்றார்கள். பாய்லர் வழக்கம் போல மெதுவாகப் பின்பக்கமாய் நழுவினான். இன்சார்ஜ் தடுக்கவில்லை. அவன் தலை மறைந்ததும் விரலைச் சொடுக்கினாள். கிருமி டாக்டர், ஆந்தை, சிட்டு, மார்னிங்கிலும் ஈவினிங்கிலும் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் அவள் பின்னால் சந்துக்குள் நுழைந்தார்கள்.

"எங்கே சிஸ்டர் கூட்டிட்டுப் போறீங்க?" டாக்டர் கிசுகிசுத்தார்.

"மீட்டிங்குக்கு."

"போலீஸுக்குச் சொல்லவேண்டிய விஷயம் எதுவும் இல்லையே?"

அவள் நடையை எட்டிப் போட்டாள். நீலக் கதவு முன்னால், சாவி கைமாறுகிற அந்த நொடியில், அத்தனை பேரும் போய் நின்றார்கள்.

பாய்லர் முகத்தில் ஈயாடவில்லை. கறார் அக்காவின் பை கையிலிருந்து நழுவியது.

"அட!" என்றார் ஆந்தை, வந்த கொட்டாவியை விழுங்கிக்கொண்டு. "இதுதான் விஷயமா? நாங்க என்னமோ பகைன்னு நினைச்சோம். பட்டப்பகல்லயா?"

"வாயை மூடுங்க" என்றாள் இன்சார்ஜ். பிறகு இருவரையும் பார்த்துச் சொன்னாள். "மூணு ஷிஃப்டும் வந்தாச்சு. நீங்க ரெண்டு பேர்தான் பாக்கி. உள்ளே உக்காரலாமா?"

"சிஸ்டர், வீடு சின்னது..." என்று வாசலை மறித்தான் பாய்லர்.

"பரவாயில்லை. எங்களுக்கு நாற்காலி வேண்டாம்."

கறார் அக்காதான் முதலில் வழிவிட்டாள். "விடுங்க. எத்தனை நாளைக்கு?"

முன் அறையில், பாயில், ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். உள் அறைக்கு ஒரு கனத்த திரை தொங்கியது. கிருமி டாக்டர் வாழ்நாளில் முதல் முறையாகச் சம்மணம் போட்டு மீட்டிங் நடத்தினார்.

"கட்டினது யாரு?"

"நான்" என்றாள் சிட்டு. "இறுக்கலை. மூணு தடவை பார்த்தேன்."

"அடுக்கினது?"

"நான்" என்றாள் கறார். "நான் தொடும்போது தட்டு இன்னும் சுடும். ஆற விட்டுத்தான் அடுக்கினேன். வெளியே காஞ்சுதான் இருந்தது. உள்ளே ஈரம்னு தெரியாது."

"அப்போ உலர்த்தினது?"

சுவரையே பார்த்துக்கொண்டிருந்த பாய்லர் தொண்டையைச் செருமினான்.

"பதினஞ்சு நிமிஷம் மிச்சம் இருக்கும்போதே முள்ளைத் திருப்பினேன் டாக்டர். கடைசி லோடுல மட்டும். லேசான மூட்டைன்னா அதுவும் காஞ்சுடும். கனமான செட்டுலதான்... எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன். சிட்டு மேல ஒரு தப்பும் இல்லை."

டாக்டர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மடித்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சிட்டு, நாளைக்கு நீங்க வேலைக்கு வரலாம். எப்பவும் போல."

சிட்டு சந்தோஷப்படவில்லை. முழங்காலில் எழுந்து பாய்லரைப் பார்த்தாள். பெரிய கண்கள் முழுக்கத் தண்ணீர்.

"அண்ணே, என்னை ஊரே திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. நீங்களும் தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? என் தங்கச்சி படிப்பு போயிருக்கும். ஆபரேஷன் மேஜையில படுத்திருந்தவங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா? அப்படி என்ன அவசரம் உங்களுக்கு? அந்தப் பதினஞ்சு நிமிஷம் எதுக்கு?"

பாய்லர் திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுங்க" என்றார் டாக்டர். அவர் குரலில் சந்தேகம் இன்னும் போகவில்லை. "ரெண்டு பேரும் மறைச்சு மறைச்சு இங்கே வந்து என்ன செய்யறீங்க?"

இன்சார்ஜ் எழுந்தாள். நேற்று ஜன்னல் வழியே பார்த்ததை அவள் வாயால் சொல்ல விரும்பவில்லை. கறார் அக்காவிடம் பார்வையாலேயே அனுமதி கேட்டாள். கறார் கண்ணை மூடித் திறந்தாள். இன்சார்ஜ் திரையை விலக்கினாள்.

கட்டிலைச் சுற்றிலும் தலையணைகள். நடுவே பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, பஞ்சு வைத்துத் தைத்த தொப்பியோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டிலின் இரும்பு மூலைகளிலெல்லாம் துணி சுற்றியிருந்தது. வலிப்பு எந்த நேரத்தில் வரும் என்று தெரியாத பிள்ளை இருக்கிற அறை எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

இத்தனை முகங்களைப் பார்த்து அவள் மிரளவில்லை. குழப்பமாக வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, நீ இன்னும் கிளம்பலையா? அப்பாதான் வந்தாச்சே."

ஆந்தை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சிட்டு எழுந்த இடத்திலேயே மெல்ல உட்கார்ந்தாள்.

"நேத்து மாதிரியே இன்னிக்கும் காலையில இருந்து ரெண்டு தடவை வலிப்பு வந்துருச்சு" என்றாள் கறார் அக்கா, யாரையும் பார்க்காமல். "பக்கத்து வீட்டுல பயப்படறாங்க. தனியா விட்டா நாக்கைக் கடிச்சுக்குவா, விழுந்துடுவா. நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல இருந்தா, இவ கூட ஆள் இல்லை சிஸ்டர். நீங்க எந்த நேரத்துல மீட்டிங் வைச்சாலும் எங்கள்ல ஒருத்தர் வரமுடியாது. ரெண்டு மணிக்குக் கைமாத்தறதுக்கு இவரு கொஞ்சம் முன்னாடியே கிளம்பியாகணும்."

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? புருஷன் பெண்டாட்டி ஒரே டிபார்ட்மென்ட்ல இருக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரி விதி. தெரிஞ்சா ஒருத்தரைப் பகல் நேர ஆபீஸுக்கு மாத்திடுவாங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே நேரம்தான். யார்கிட்டயும் சொல்லவும் முடியாது, எங்களை ஒரே ஷிஃப்ட்ல போடாதீங்கன்னு கேக்கவும் முடியாது." கறார் அக்கா முதன்முறையாக நிமிர்ந்து இன்சார்ஜின் கண்ணைப் பார்த்தாள். "அதான் சிஸ்டர், நீங்களே எங்களைப் பிரிச்சு வைக்கணும்னு, எல்லார் முன்னாடியும் நாங்க சண்டை போட்டோம்."